சாவி வாங்கியதும் ஓடத் தொடங்கும் வாடகை

சொந்தக் கார் இல்லாமல், உரிமையாளரிடம் நாள் வாடகைக்கு எடுத்து ஏர்போர்ட் பிக்கப்பும் சுற்றுலா டிரிப்பும் ஓட்டுவது சென்னையில் பலருக்குப் பகுதிநேரத் தொழில். இதற்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்துள்ள வண்டிதான் வேண்டும். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துள்ளவை, வாடிக்கையாளர் தானே ஓட்டிக்கொள்வதற்கு வாடகைக்கு விடப்படுபவை. அவற்றில் சவாரி ஏற்றினால் அன்றைய வருமானம் அபராதத்துக்கே போதாது.

பிக்கப்பில் முதல் பாடம் நேரம். விமானம் தரையிறங்குவது வேறு, பயணி வெளியே வருவது வேறு. வெளிநாட்டு விமானமென்றால் குடியேற்றச் சோதனையும் பெட்டி வரும் பட்டையும் சேர்ந்து ஒரு மணி நேரத்தை எளிதாகத் தின்றுவிடும். புதியவர் தரையிறங்கும் நேரத்துக்கே பார்க்கிங்கில் நுழைந்து, பெயர்ப் பலகையைத் தூக்கிப் பிடித்து நிற்பார். கை வலிக்கும், பார்க்கிங் கட்டணமும் ஏறும். பழகியவர் வெளியே டீக்கடையருகே காத்திருந்து, "பெட்டி வந்துடுச்சு" என்ற போனுக்குப் பிறகே உள்ளே போவார். "ரெண்டே பெட்டிதான்" என்று சொன்ன குடும்பம் ஐந்து பெட்டிகளோடு வரும். டிக்கியில் கேஸ் சிலிண்டர் உள்ள வண்டியென்றால் ஐந்தாவது பெட்டி பயணியின் மடியில்தான் ஊருக்குள் போகும்.

மாமல்லபுரம் டிரிப் பெரும்பாலும் '10 மணி நேரம், 100 கிலோமீட்டர்' என்ற பேக்கேஜில் ஓடும். பல்லவர்கள் பார்த்துப் பார்த்துக் குடைந்த ஐந்து ரதங்களைப் பயணிகள் கால் மணியில் முடித்துவிட்டு, சங்குமாலைக் கடையில் ஒரு மணி நேரம் பேரம் பேசுவார்கள். திரும்பி வரும்போது வண்டி குளுகுளுவென்று இருக்க வேண்டும் என்பது அவர்களின் ஒரே நிபந்தனை. நின்ற வண்டியில் ஓடும் ஏசிக்கும் டீசல் வேண்டும், ஆனால் மீட்டரில் ஒரு கிலோமீட்டரும் ஏறாது. செவ்வாய்க்கிழமை முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கு அழைத்துப் போனால் பூட்டிய கதவைத்தான் காட்ட முடியும். அன்று அங்கே விடுமுறை.

இனி கணக்கு. வண்டி நிற்குமிடம் பெரம்பூர் என்று வைத்துக்கொள்வோம். அதிகாலை 3 மணிக்குப் புறப்பட்டு விமான நிலையம் 22 கி.மீ., பயணியை தி.நகர் ஓட்டலில் இறக்க 13, அங்கிருந்தே வேறொரு குடும்பத்தோடு மாமல்லபுரம் போய்வர 120, மாலை 7 மணிக்குள் வீடு திரும்ப 11. மொத்தம் 166. இதில் 33 கி.மீ. காலியாக ஓடியது, அதற்குக் காசு தருவார் யாருமில்லை.

வரவு: பிக்கப் 800, பேக்கேஜ் 2,800, கூடுதல் 20 கி.மீட்டருக்கு 300, பேட்டா 300. ஆக 4,200 ரூபாய். சட்டைப்பை கனக்கும், அன்றிரவு வீட்டுக்குப் பிரியாணி போகும்.

செலவு: வண்டி வாடகை 1,500. லிட்டருக்கு 15 கி.மீ. கொடுத்தால் டீசல் 11 லிட்டர், 92 ரூபாய் வீதம் 1,012. டிராவல்ஸ் கமிஷன், பேட்டா நீங்கலாக 10 சதவீதம், 390. பார்க்கிங், சுங்கம் 300. சாப்பாடு, டீ 200. ஆக 3,402. மிச்சம் 798 ரூபாய். 16 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 50 ரூபாய். பிரியாணி அவசரம்தான்.

கையில் இருக்கும் பணத்தை எண்ணுவது கணக்காகாது என்பதற்கு ஃபாஸ்டாக் ஒரு சாட்சி. சுங்கம் உரிமையாளரின் கணக்கில் சத்தமில்லாமல் கழிந்து, வாரக் கடைசியில் அவர் வாயால் சத்தமாக வந்து சேரும். ஆகவே நோட்டில் ஒவ்வொரு டிரிப்புக்கும் நான்கு மீட்டர் எண்கள் வேண்டும்: ஷெட்டில் எடுத்தபோது, பயணி ஏறியபோது, இறங்கியபோது, ஷெட்டுக்குத் திரும்பியபோது. நடு இரண்டுக்கும் உள்ள தூரம் சம்பாதித்தது, மீதி தானம். டீசலை டேங்க் நிறைய நிரப்பி, அடுத்த முறை மறுபடி நிறைய நிரப்பும்போது பிடித்த லிட்டரால் இடையில் ஓடிய தூரத்தை வகுத்தால்தான் உண்மையான மைலேஜ் தெரியும். உரிமையாளர் சொல்லும் மைலேஜ், பெண் பார்க்கும்போது சொல்லும் மாப்பிள்ளை சம்பளம் போன்றது.

இப்படி எழுதிவந்தால் ஒன்று விளங்கும். டீசல் ஓடிய தூரத்துக்கு, வாடகை சாவி வாங்கிய நாளுக்கு. அதே காலையில் பிக்கப் மட்டும் எடுத்து வீடு திரும்பினால் வரவு 800. வாடகையோடு 46 கி.மீ. டீசல், பார்க்கிங், கமிஷன் சேர்ந்தால் செலவு 1,900 தாண்டும். ஆயிரத்துச் சொச்சம் கைக்காசு கொடுத்து, தூக்கத்தையும் கெடுத்துக்கொண்டு, முன்பின் தெரியாதவரை வரவேற்றதாக ஆகும். மாறாக, விமான நிலையம் போகும்போதே பெரம்பூர்ப் பக்கத்தில் 700 ரூபாய்க்கு ஒரு டிராப் கிடைத்தால், காலி ஓட்டமாக இருந்த 22 கி.மீ. கூலி ஓட்டமாகிவிடும். கமிஷன் போக 630 ரூபாய் கூடி, 798 என்பது 1,428 ஆகும். அதற்கென்று தனியாக டீசலோ வாடகையோ கிடையாது. எனவே வாடகை வண்டிக்காரர் ஒற்றை பிக்கப்புக்காகச் சாவி வாங்குவதில்லை; போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று முந்தின நாள் இரவே பேசி முடித்த பிறகுதான் வாங்குகிறார்.