கேள்வி-பதில்: ஜெயித்தால் சாக்கடை சரியாகுமா?

(நகராட்சி வார்டு ஒன்றில் போட்டியிடப் போகும் வாசகர் ஒருவர் அடுத்தடுத்து எழுதிய கடிதங்களிலிருந்து. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

கே: என் தேர்தல் நோட்டீஸ் இப்படித் தொடங்குகிறது: "நான் வெற்றி பெற்ற 100 நாளில் நம் வார்டில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தேங்காது. இது உறுதி!" அச்சுக்குக் கொடுக்கலாமா?

ப: கொடுக்காதீர்கள். ஒரே ஒரு பேய்மழை போதும், அந்த வரி பொய்யாகிவிடும். எந்தக் கால்வாயும் ஓர் அளவு மழைக்குத்தான் கட்டப்படுகிறது. அதற்கு மேல் கொட்டினால் தெருவில் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். மழை விட்டதும் அது எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்பதுதான் கேள்வி.

100 நாள் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 2022இல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலுக்கு வாக்குப்பதிவு பிப்ரவரி 19இல் நடந்தது, கவுன்சிலர்கள் மார்ச் 2இல் பதவியேற்றார்கள். அன்றிலிருந்து 100 நாள் என்றால் ஜூன் 10. அதற்குள் தலைவர் தேர்தல் முடிந்து மன்றம் கூட வேண்டும். பொறியாளர் அளந்து மதிப்பீடு போட வேண்டும், மன்றம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும், நிதி ஒதுக்க வேண்டும். டெண்டருக்குச் சிறிய வேலையானாலும் பொதுவாக 15 நாள் அவகாசம் தர வேண்டும். இதில் கவுன்சிலர் கையெழுத்துப் போட்டதும் நகர்கிற கட்டம் ஒன்றுகூடக் கிடையாது. உங்களுக்கு மன்றத்தில் இருப்பது ஒரு குரலும் ஒரு ஓட்டும்.

கே: அப்படியானால் எப்படித்தான் தொடங்குவது?

ப: ஒரு தெருவிலிருந்து. உங்கள் வார்டில் எந்தத் தெருவில் அதிகம் தேங்குகிறதோ அங்கே போங்கள். தூர்வாரிய பிறகு மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடினால், கோளாறு வண்டலிலும் குப்பையிலும்தான். அள்ளிய சில வாரத்திலேயே மறுபடி நிரம்பினால் வாட்டத்தைச் சந்தேகப்படுங்கள். கொத்தனார் வைத்திருப்பாரே, தண்ணீர் ஊற்றிய டியூப், அதை வைத்துக் கால்வாயின் அடித்தளத்தைப் பத்து மீட்டருக்கு ஒரு இடத்தில் மட்டம் பாருங்கள். முதலில் அந்த இடத்தில் சேற்றை வழித்துவிட வேண்டும், இல்லையென்றால் சேற்றின் உயரத்தைத்தான் அளப்பீர்கள்.

கே: பார்த்துவிட்டேன். 140 மீட்டர் கால்வாய். தொடக்கத்திலிருந்து நூறு மீட்டருக்கு 30 சென்டிமீட்டர் வீதம் இறங்கிக்கொண்டே வருகிறது. கடைசியில் மெயின் ரோட்டுச் சிறுபாலத்தின் தளம் மட்டும் கால்வாயை விட 12 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. ரோட்டை உயர்த்தியபோது பாலத்தையும் மாற்றிக் கட்டினார்களாம். இனி என்ன எழுதுவது?

ப: நல்ல வேலை செய்திருக்கிறீர்கள்! நூறு மீட்டருக்கு 30 சென்டிமீட்டர் என்பது இவ்வளவு சிறிய கால்வாய்க்குப் போதுமான வாட்டம்தான். ஆனால் அந்த வாட்டத்தில் 12 சென்டிமீட்டர் மேடு குறுக்கே நின்றால், பின்னால் 40 மீட்டர் தூரத்துக்குத் தண்ணீர் நகராமல் நிற்கும். நின்ற தண்ணீரில் வண்டல் படியும், கொசு வரும். கடைசி நாற்பது மீட்டரில் குடியிருப்பவர்கள் தூர்வாரியவர்களைத் திட்டுவார்கள், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

அடுத்து நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது அந்தச் சிறுபாலம் யாருடையது என்பதை. மெயின் ரோடு நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருந்தால் நகராட்சி தானாக அதை இடிக்க முடியாது. நகராட்சி அலுவலகத்தில் இளநிலைப் பொறியாளரைக் கேளுங்கள், சொல்வார். எத்தனையோ வாக்குறுதிகள் வந்து முட்டி நிற்பது இந்த மாதிரி இடத்தில்தான்.

கே: கேட்டேன். நெடுஞ்சாலைத் துறையுடையதுதான். இதை நோட்டீஸில் போட்டால் "இவனால் ஆகாது" என்று நினைக்க மாட்டார்களா?

ப: ஐந்து வருடமாக அந்தத் தண்ணீரைத் தாண்டி நடப்பவர்களுக்கு, அது ஏன் நிற்கிறது என்று முதல்முறையாக ஒருவர் சொல்லப் போகிறார். அந்த இடத்தை அவர்கள் தங்கள் கண்ணாலேயே சரிபார்க்கலாம். என் யோசனை இது, உங்கள் பேச்சுவழக்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

"நம் தெரு மக்களுக்கு வணக்கம். நம் கால்வாயை அள்ளிய இரண்டு வாரத்தில் மறுபடி தேங்குவதை எல்லோரும் பார்க்கிறோம். கொத்தனாரை வைத்து மட்டம் பார்த்தோம். மெயின் ரோட்டுச் சிறுபாலம் 12 சென்டிமீட்டர் உயரமாக இருப்பதால் தண்ணீர் வெளியேற வழியில்லை. அந்தப் பாலம் நெடுஞ்சாலைத் துறையுடையது. நான் ஜெயித்தால் முதல் மாதத்திலேயே, இரு துறைப் பொறியாளர்களும் சேர்ந்து வந்து அளக்கச் சொல்லி எழுத்தில் கேட்பேன். நகராட்சி மன்றத்தில் தீர்மானம் கொண்டுவர முயல்வேன். மனுவின் நகலும் வருகிற பதிலும் தெருமுனைப் பலகையில் ஒட்டப்படும். பாலத்தை எப்போது இறக்குவார்கள் என்பது என் கையில் இல்லை, ஆகவே தேதி சொல்லவில்லை. அதுவரை பாலத்துக்கு முந்தைய 40 மீட்டரைச் செப்டம்பரிலும், மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையும் அள்ளும்படி நகராட்சியைக் கேட்பேன், வேலை நடக்கும்போது கூடவே நிற்பேன். பெருமழையில் தண்ணீர் நிற்கும். மழை விட்டபின் வடிய வேண்டும் என்பதற்காகத்தான் ஓட்டுக் கேட்கிறேன்."

இதில் தேதி போட்டிருப்பதெல்லாம் நீங்களே செய்யக்கூடியவை. மற்றவர்கள் செய்ய வேண்டியதற்குக் "கேட்பேன்", "முயல்வேன்" என்றுதான் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும் என்பதால்தான் செப்டம்பர் என்று எழுதினேன். தேர்தல் வேறு மாதத்தில் வந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

கே: எதிர்த்து நிற்பவர் ஆறு மாதத்தில் வார்டு முழுக்கப் புதுக் கால்வாய் என்று அடித்துவிட்டார். எப்படிப் பதில் சொல்வது?

ப: அவரைத் திட்டி ஒரு வரியும் வேண்டாம். கூட்டத்தில் யாராவது கேட்டால், "புதுக் கால்வாய் எந்தப் பாலத்தில் போய்ச் சேரும்?" என்று மட்டும் கேளுங்கள். வெளியேறும் மட்டத்தைச் சரிசெய்யாமல் புதிதாகக் கட்டினால், பணம் செலவான பிறகும் அதே நாற்பது மீட்டரில் அதே தண்ணீர் நிற்கும்.

கே: பாதாளச் சாக்கடை அடைத்தால் உடனே ஆள் இறக்கி எடுத்துத் தருவேன் என்று சேர்க்கலாமா? பெண்கள் அதைத்தான் அதிகம் கேட்கிறார்கள்.

ப: கூடவே கூடாது. பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் மனிதரைக் குழிக்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உள்ளே தேங்கியிருக்கும் வாயு மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பவருக்குத் தெரியாது. ஒருவர் மயங்க, அவரைத் தூக்க இறங்குபவரும் மயங்குவார், சாவு இரண்டு மூன்றாவது இப்படித்தான். இந்தச் சாவுகளுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்னது. அந்தப் பெண்களின் அவசரம் நியாயமானது. அவர்களுக்காக இப்படி எழுதுங்கள்: "அடைப்பு என்று சொன்ன அன்றே புகாரைப் பதிவு செய்து எண் வாங்கித் தருவேன், அடைப்பு நீக்கும் இயந்திர வண்டி வரும்வரை விடாமல் கேட்பேன். யாரையும் குழிக்குள் இறக்கச் சொல்ல மாட்டேன்."

கே: கடைசியாக, நோட்டீஸில் என் படம் எவ்வளவு பெரியதாக இருக்கலாம்?

ப: சிறியதாகப் போதும். மிச்ச இடத்தில் கால்வாயின் கோட்டுப்படம் ஒன்று வரையச் சொல்லுங்கள்: தெரு, வாட்டம், மேடு, பாலம். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பாட்டிக்கும் அது புரியும். அடியில் அச்சகத்தின் பெயரும் முகவரியும், வெளியிடுபவரின் பெயரும் முகவரியும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.