டைம் கீப்பர் நோட்டு

எங்கள் வீட்டில் இன்டர்வியூ என்றால் 144 தடை உத்தரவு மாதிரி. மிக்சி போடக்கூடாது, குக்கர் வைக்கக்கூடாது, வாசலில் யார் வந்தாலும் சைகையில்தான் பேச வேண்டும். போதாக்குறைக்கு அன்று பென்னாகரம் சந்தை நாள். ஆடு வாங்கிப் போகிறவர்கள் எங்கள் தெரு வழியாகத்தான் போவார்கள். ஆடுகளுக்கு எங்கள் வீட்டு உத்தரவு செல்லாது. அவற்றுக்காகத்தான் ஜன்னலைச் சாத்திவிட்டு, வேர்க்க வேர்க்க 10:55-க்கே மடிக்கணினி முன் உட்கார்ந்தேன்.

11 மணி ஆயிற்று. அனுமதிக்கும் வரை காத்திருக்கவும் என்றது திரை. 11:05-க்கும் அதையே சொன்னது. அம்மா கதவிடுக்கில் தலையை நீட்டி, "முடிஞ்சுதாடா?" என்றார். இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்றேன். "அப்ப சட்னி அரைச்சுக்கட்டுமா?"

இப்படிப்பட்ட நேரங்களில் மனதில் முதலில் ஒரு மெயில் எழும். 'தங்கள் நேரம் பொன்னானது என்றால் என் நேரம் என்ன பித்தளையா?' என்று தொடங்கும். அதை எழுதி, ரசித்து, அழித்துவிட வேண்டும். முக்கியமாக, எழுதும்போது பெறுநர் கட்டத்தைக் காலியாக வைத்திருக்க வேண்டும். அடுத்து எழுவது அதற்கு நேர் எதிர். பள்ளிக்கூடத்து விடுமுறைக் கடிதம் நமக்குள் எங்கேயோ பத்திரமாக இருக்கிறது. மதிப்பிற்குரிய ஐயா, தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில், தாங்கள் வராததற்கு நான் வருந்துகிறேன், என் இணைய இணைப்பில் ஏதேனும் குறை இருந்திருந்தால் மன்னிக்கவும். வராதவர் அவர், மன்னிப்பு கேட்பவர் நாம். இதையும் அழிக்கலாம்.

அப்பா ரிட்டயர்டு கண்டக்டர். நிலைமையைக் கேட்டுவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி: "டைம் கீப்பர் நோட்டுல எழுதிட்டியா?" வண்டி சரியான நேரத்துக்கு நிலையத்துக்குள் வந்ததா இல்லையா என்பது டிரைவருக்குத் தெரியும், கண்டக்டருக்குத் தெரியும், பயணிகளுக்கும் தெரியும். ஆனால் நோட்டில் ஏறாவிட்டால் வண்டி வரவில்லை என்றுதான் கணக்கு. பிறகு டெப்போவில் போய் எவ்வளவு சத்தியம் செய்தாலும் மெமோ மெமோதான்.

அவர் சொன்னது இந்த விஷயத்துக்கு அப்படியே பொருந்தும். நான் உட்கார்ந்திருந்தது காத்திருப்பு அறையில். உள்ளே யாராவது இருந்தால்தான் வெளியே ஒருவன் நிற்பது தெரியும். டீம்ஸ் போன்ற செயலியில் அரை மணி நேரம் யாரும் கதவைத் திறக்காவிட்டால் அதுவே நம்மை வெளியே தள்ளிவிடும். அப்புறம் நேர்காணல் செய்ய வேண்டிய அதிகாரி 11:35-க்கு நிதானமாக வந்து பார்த்தால் அறை காலி. அவர் கை தானாக 'நோ ஷோ' என்று டிக் அடிக்கும். விண்ணப்பித்தவர் வரவில்லை என்பது அதன் பொருள். அது ஒருமுறை பதிவாகிவிட்டால், அந்த நிறுவனத்தில் அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் நம் பெயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கக்கூடும். ஆக, பணிவான மெயில் என்பது பணிவுக்காக மட்டும் எழுதுவதல்ல. 'நான் வந்துவிட்டேன்' என்று நேரம் போட்டு வைக்கும் கையெழுத்து அது.

கையெழுத்துப் போடுவதற்கு முன் வண்டி சரியான நிலையத்தில்தான் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தேதி, இணைப்பு, ஸ்பேம் பெட்டி எல்லாம் பார்த்தேன். நேரத்தில்தான் ஒரு வில்லங்கம் உண்டு. ஐ.எஸ்.டி. என்றால் இந்திய நேரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கோடையில் அயர்லாந்துக்காரர்களும் தங்கள் நேரத்தை ஐ.எஸ்.டி. என்றுதான் எழுதுகிறார்கள். அவர்களுடைய காலை 11 மணி நமக்குப் பிற்பகல் 3:30. அந்த நிறுவனத்துக்கு அங்கே கிளை இருந்தால் இதைக் கவனிக்காமல் கோபப்படக்கூடாது. காலண்டர் அழைப்பு நம் ஊர் நேரத்துக்கு மாற்றியே காட்டும். அதில் உள்ள மணியும் மெயிலில் எழுதியிருந்த மணியும் ஒன்றா என்று பார்த்தால் போதும். எனக்கு இரண்டும் 11-தான்.

அந்த அழைப்பைத் திறந்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. அழைக்கப்பட்டவர்கள் பட்டியலில் இரண்டே பேர்: எச்.ஆர். மேடம், நான். என்னைக் கேள்வி கேட்க வேண்டியவரின் பெயர் முந்தைய மெயிலில் இருந்தது, இந்தப் பட்டியலில் இல்லை. பாவம், அவரை யாரும் கூப்பிடவே இல்லை போலிருக்கிறது! இந்தப் பட்டியலைச் சிலர் மறைத்து அனுப்புவார்கள், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. தெரிந்தால் பார்த்துவிடுவது நல்லது. கோபத்தில் பாதி அங்கேயே வடிந்துவிடும்.

11:10-க்கு மெயில் போனது. 11:02-க்கே அனுப்பினால் அவசரக்குடுக்கை. முந்தைய மீட்டிங் இழுத்துக்கொண்டிருக்கும் மனிதருக்குப் பத்து நிமிடம் கொடுக்கலாம். 11:40-க்கு அனுப்பினால் அதற்குள் டிக் விழுந்திருக்கும். புது மெயிலாக இல்லாமல், அழைப்பு வந்த பழைய மெயிலுக்கே பதிலாகப் போட்டேன். அனுப்பியது எச்.ஆர். மேடத்துக்கு. மீட்டிங்கில் இருப்பவர் மெயிலைப் பார்க்க மாட்டார், ஆள் பிடித்துக் கொண்டுவருவது மேடத்தின் வேலை. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"வணக்கம் மேடம். இன்று இந்திய நேரம் காலை 11 மணி நேர்காணலுக்காக 10:55 முதல் அழைப்பில் காத்திருக்கிறேன். இன்னும் யாரும் இணையவில்லை. இணைப்பு மாறியிருந்தால் தெரிவியுங்கள். காலண்டர் அழைப்பில் நேர்காணல் செய்பவரின் பெயர் எனக்குத் தெரியவில்லை, ஒருமுறை பார்க்க முடியுமா? 11:30 வரை இதே இணைப்பில் இருப்பேன். இன்று தோதுப்படாவிட்டால் மாலை 4 மணிக்கு மேல், அல்லது நாளை காலை 10 முதல் 1 வரை எனக்கு வசதிப்படும். என் அலைபேசி எண் கீழே உள்ளது."

இதில் 'நீங்கள் வரவில்லை' என்ற வாக்கியமே இல்லை. 'யாரும் இணையவில்லை' என்பது குற்றச்சாட்டில்லாத செய்தி. மன்னிப்பும் இல்லை. வேறு நேரம் கேட்கும்போது 'உங்களுக்கு எப்போது வசதியோ அப்போது' என்று எழுதக் கை துறுதுறுத்தது. அப்படி எழுதினால் அவர் நமக்கு நேரம் கேட்டு எழுத, நாம் அவருக்கு எழுத, மூன்று நாள் ஓடிவிடும். இரண்டு நேரம் சொன்னால் ஒன்றை எடுத்துக்கொள்வது சுலபம். 11:30 என்று முடிவு நேரம் போட்டதற்கு அம்மாவின் சட்னியும் ஒரு காரணம். அதை மெயிலில் குறிப்பிடவில்லை.

அரை மணி முடிந்தது. எழுந்தேன். 11:36-க்கு மெயில் வந்த சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், அனுப்பியது மனிதர் இல்லை, மென்பொருள். 'இன்றைய நேர்காணலில் தாங்கள் கலந்துகொள்ள இயலாமல் போனதற்கு வருந்துகிறோம்.' அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "பாத்தியா, மெமோ" என்றார். குரலில் அப்படி ஒரு திருப்தி.

பன்னிரண்டரை மணிக்கு மேடமே போன் செய்தார். "சார், உங்க மெயில் 11:10-க்கே வந்திருக்கு, நான்தான் இப்பப் பாத்தேன். பேனல் மெம்பரை இன்வைட்ல சேர்க்கவே இல்ல, சாரி சார். சிஸ்டம்ல மாத்திட்டேன். நாலு மணி ஓகேவா?" பரவாயில்லை மேடம் என்றேன். பட்டியலைப் பார்த்து நானே சொல்லியிருந்தேனே என்று நாக்கு நுனி வரை வந்தது. அதை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

நாலு மணி நேர்காணலுக்கு அந்த அதிகாரி 3:59-க்கே வந்துவிட்டார். நல்ல மனிதர். முக்கால் மணி நேரம் பேசினோம். நான் மியூட்டை எடுத்த நேரம் பார்த்து ஓர் ஆடு கத்தியது. அவரும் எங்கள் ஊர்ப் பக்கமாம், சந்தையா என்று கேட்டுச் சிரித்தார். முடிவை இரண்டு நாளில் சொல்வதாகச் சொன்னார். மூன்றாவது நாள் காலையில் அப்பா என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எழுதுடா, நான் சொல்றேன்" என்றார்.