மரியாதையைச் சோதிப்பது எப்படி?

கேள்வி: ஜப்பானிய மேலாளருக்கு ஒருவர் தமிழில் எழுதிய நன்றி மின்னஞ்சலை ஜப்பானிய மொழிக்கு மாற்றியிருக்கிறார். அதைத் திரும்பத் தமிழாக்கிப் பார்த்தால் பணிவாகவே இருக்கிறது. அனுப்பிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுக்கட்டும்! மறுமொழிபெயர்ப்பு விஷயத்தைப் பிடிக்கும். தேதி மாறியதும், ‘இல்லை’ விழுந்துபோனதும் அதில் தெரிந்துவிடும். யார் யாரிடம் பேசும் தொனி என்பது பெரும்பாலும் தெரியாது.

அவர் ‘கோகுரோசமா தேஷிதா’ என்று முடித்திருந்தால், திரும்பி வருவது ‘உங்கள் உழைப்புக்கு நன்றி’. கேட்க இனிக்கிறது. ஆனால் ஜப்பானிய அலுவலகங்களில் அது மேலதிகாரி கீழே உள்ளவரைத் தட்டிக்கொடுக்கும் சொல். மேலே உள்ளவருக்கு ‘ஒத்ஸுகாரெசமா தேஷிதா’ என்பதே வழக்கம். இரண்டும் தமிழில் ஏறக்குறைய ஒரே வாக்கியமாகத்தான் வந்து நிற்கும். ‘அனாதா’வும் அப்படியே: ‘நீங்கள்’ என்று மரியாதையாகத் திரும்பி வரும், மேலாளரையோ அப்படி அழைக்காமல், பெயருடன் ‘சான்’ சேர்த்தோ பதவியைச் சொல்லியோ அழைப்பார்கள்.

இங்கேதான் ஜப்பானியரின் கண் தேவை, அதுவும் அலுவலகத்தில் வேலை பார்த்தவருடையது. தமிழ் மூலத்தை முதலில் காட்டக் கூடாது. காட்டினால் நல்ல நோக்கத்தை அவரே சேர்த்துப் படித்துவிடுவார். ‘சரியா?’ என்று கேட்டால் நாகரிகத்துக்காக ‘சரி’ என்றுகூடச் சொல்லலாம். ‘இதை யார் யாருக்கு எழுதியதாகத் தோன்றுகிறது?’ என்று கேட்க வேண்டும். ‘முதலாளி ஊழியருக்கு’ என்று பதில் வந்தால், மாற்ற வேண்டிய வரியையும் அவரிடமே கேட்டுவிடலாம்.