கோரையின் மீள்வருகை: ஒரு மிளகாய்த் தொட்டியை முன்வைத்து

மதுரையில், எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர் டாங்குக்கும் துணிக்கொடிக்கும் இடைப்பட்ட பகுதியே இவ்வாய்வின் களம். ஆய்வுப்பொருள், பன்னிரண்டு அங்குல வாயுள்ள ஒரு பிளாஸ்டிக் தொட்டி. ஆய்வுக்காலம் சித்திரை தொடங்கி ஆடி வரை. நிதியுதவி, வீட்டுச் செலவு நோட்டில் 'இதர' என்று எழுதப்பட்ட வரி.

தொட்டியில் ஒரு மிளகாய்ச் செடி இருந்தது. மூட்டை செம்மண் வாங்கி நிரப்பிய இரண்டாம் வாரம் அதன் காலடியில் மூன்று பச்சை ஊசிகள் எட்டிப் பார்த்தன. பிடுங்கினேன். பத்தாம் நாள் ஐந்து வந்தன. பிடுங்கினேன். அதற்கடுத்து எட்டு. இந்த எண் வரிசையில் ஏதோ கணித விதி ஒளிந்திருக்கிறது என்று நான் நம்பத் தொடங்கிய நேரத்தில், வடாம் காயப்போட வந்த அம்மா தொட்டியைப் பார்த்துவிட்டு, "கோரையப் பிடுங்குனா போகாதுடா, தோண்டணும்" என்றார். மேற்கோள் காட்டத்தக்க நூல் எதுவும் அவர் எழுதியதில்லை என்பதால் அக்கருத்தை அன்று நான் பரிசீலிக்கவில்லை.

முதலில் இனம் காணல். கோரை புல்லே அல்ல. புல்லின் தண்டு உருண்டையாக இருக்கும். கோரையின் பூத்தண்டை இரு விரல்களுக்கிடையே வைத்து உருட்டினால் உருளாது, மூன்று பட்டைகள் கையில் தட்டுப்படும். 1753இல் லின்னேயஸ் பதிந்த பெயரோ சைபெரஸ் ரொட்டண்டஸ். ரொட்டண்டஸ் என்றால் உருண்டை. முக்கோணத் தண்டுக்காரனுக்கு உருண்டை என்று பெயரா என்று குழம்ப வேண்டாம். அது மண்ணுக்குக் கீழே இருக்கும் கிழங்குக்குரிய பெயர். நான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்ததுதான் பிழை. உலகின் மோசமான களைகளைப் பற்றி ஹோல்ம் என்பவரும் சகாக்களும் 1977இல் வெளியிட்ட நூலில் முதலிடம் இதற்குத்தான். நான் தோற்றது யாரோ ஒரு சில்லறைப் போக்கிரியிடம் அல்ல என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கவிழ்த்தேன். முதல் நாள் மாலையே தண்ணீர் விட்டிருந்ததால் மண் கேக் போல முழுதாக வந்தது. மேலே நின்ற முளைகள் மூன்று. கீழே இருந்த கிழங்குகள் பதினான்கு. ஒவ்வொன்றும் கொண்டைக்கடலையிலிருந்து களாக்காய் வரையான அளவு. ஒன்றையொன்று தொடுத்தபடி கறுத்த கம்பி போன்ற வேர்க்கொடி. ஒரு கொடி மிளகாயின் வேர்ப்பந்துக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறி, அங்கே ஒரு கிழங்கை வைத்துவிட்டுப் போயிருந்தது.

இந்தச் சங்கிலியில்தான் சூட்சுமம். இதை ஒரு கூட்டுக்குடும்பமாக எடுத்துக்கொள்ளலாம். நுனியில் முளைவிட்ட மூத்தவர் இருக்கும்வரை பின்னால் உள்ள கிழங்குகள் வாய் திறப்பதில்லை. அவர் அனுப்பும் அடக்குமுறையில் உறங்கிக் கிடக்கும். முளையைப் பறித்தோ கொடியை அறுத்தோ அந்தத் தொடர்பைத் துண்டித்தால், உறங்கியவை ஒவ்வொன்றாக விழித்துத் தனிக்குடித்தனம் தொடங்கும். ஒரே கிழங்கில் பல மொட்டுகள் இருப்பதால் முதல் முளை போனாலும் அடுத்தது தயார். மூன்று ஐந்தாகி, ஐந்து எட்டானதற்கு வேறு கணித விதி தேவையில்லை.

ஆகவே பிடுங்குவதில் வெற்றியை அளப்பது கையில் வந்ததன் அடிப்பகுதியைப் பார்த்துத்தான். வெள்ளையாகச் சீவிய பென்சில் போல முடிந்தால் தோல்வி. குமிழும் அதிலிருந்து தொங்கும் கொடியும் வந்தால் பாதி வெற்றி. கொடியின் மறுமுனையில் கிழங்கு ஆடினால்தான் முழுமை. அதற்கு இலையைப் பிடித்து இழுக்கக் கூடாது. முளையிலிருந்து இரண்டு விரல் தள்ளி, பழைய தோசைத்திருப்பியையோ களைக்கொத்தையோ செங்குத்தாக ஒரு சாண் இறக்கி, மண்ணோடு நெம்பி, பிறகு கொடியை விரலால் பின்தொடர வேண்டும். இளங்கொடி வெள்ளையாய்ச் சதைப்பற்றோடு இருக்கும்; அவசரப்பட்டால் பட்டென்று ஒடியும். தரைப் பாத்தியில் ஒரு சாண் ஆழத்துக்குள்தான் பெரும்பாலான கிழங்குகள். அதற்குக் கீழும் சில உண்டு. அங்கே ஒரே நாளில் ஒழிப்பேன் என்பவர் இன்னும் தோண்டாதவர். முளைத்து மூன்று நான்கு வாரத்தில் புதுக்கிழங்கு கட்டத் தொடங்கிவிடும் என்பதால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விடாமல் எடுத்தால் பழைய கிழங்கின் சேமிப்பு கரைந்துகொண்டே வரும். அவ்வளவுதான் செய்ய முடியும்.

மற்ற களைகளை இவ்வளவு மரியாதையோடு நடத்தத் தேவையில்லை. குப்பைமேனி ஈர மண்ணில் இரண்டு விரலுக்கே வந்துவிடும். பருப்புக்கீரையைப் பிடுங்கி அங்கேயே போட்டால் மறுபடி வேர்விடும் என்பதால் குழம்பில் போடுவதே பாதுகாப்பு. புளியாரையைக் காய் முற்றுமுன் எடுக்க வேண்டும். முற்றிய காயைத் தொட்டால் விதை பக்கத்துத் தொட்டி வரை தெறிக்கும். மூக்கிரட்டை மட்டும் தடித்த ஆணிவேர்க்காரன். கழுத்தோடு ஒடிந்தால் மீண்டும் துளிர்க்கும்.

இப்போது மூடாக்கு. இதில்தான் நான் முதல் சுற்றில் ஏமாந்தேன். முளைகளைக் கிள்ளியெடுத்த கையோடு இரண்டங்குலத் தேங்காய்நார்த் தூளைப் பரப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். பத்தே நாளில் வெளிறிய ஊசிகள் அதைத் துளைத்துக்கொண்டு வந்தன. கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பையே குத்திக் கிழிக்கும் முனைக்கு நார்த்தூள் ஒரு தடையா? மூடாக்கு தடுப்பது விதையில் முளைக்கும் களைகளை. அவற்றின் பொடி விதைகள் பலவற்றுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். நாம் கிளறும்போது அடியில் உறங்கியவை மேலே வருவதால், களையெடுத்ததும் மூடாவிட்டால் புதுப்பயிர் போலக் கிளம்பும். கோரைக்கோ சாப்பாடு கிழங்கிலேயே இருக்கிறது.

எனவே வரிசை முக்கியம். மிளகாயை மட்டும் வேர் கழுவி, கொப்புகளைக் கொஞ்சம் கழித்து, அதே மண்ணைச் சல்லடையில் சலித்து மறுபடி நட்டேன். நான்கு நாள் நிழல். அதன்பின் மூடாக்கே போடாமல் பதினைந்து நாள் வெறும் மண்ணாக விட்டுக் காத்திருந்தேன். சல்லடைக்குத் தப்பியவை இரண்டு முளைத்தன, கிழங்கோடு எடுத்தேன். அதற்குப் பிறகே வேப்பஞ்சருகு இரண்டங்குலம், தண்டைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி விட்டு. ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும். வைக்கோலும் போடலாம், ஆனால் அதில் தங்கிய நெல்மணிகள் முளைத்து ஆய்வை வேறு துறைக்கு இழுத்துச் செல்லும். சருகு ஈரம் காப்பதால் அடிமண் பொலபொலவென்று இருக்கும். இனி ஒன்றிரண்டு கோரை வந்தாலும் கிழங்கோடு தானாகக் கையோடு வரும். மூடாக்கு கோரைக்குச் செய்யும் ஒரே துரோகம் இது.

எடுத்த கிழங்குகளை எருக்குழியில் போட்டால் அவற்றுக்குத் திருவிழா. நாளிதழில் பரப்பி மொட்டை மாடி வெயிலில் காய வைத்தேன். இரண்டு வாரத்தில் சுருங்கி, உடைத்தால் பொடிந்தன. நல்ல மணம். அதே வாரம் பேத்திக்குக் குளியல் பொடி அரைக்க அம்மா நாட்டுமருந்துக் கடையில் சாமான் வாங்கிவரச் சொன்ன சீட்டில் மூன்றாவது வரி, 'கோரைக்கிழங்கு 50 கிராம்'. மாடியில் இருக்கிறதே என்றேன். எடுத்து வரப் போன அம்மா எண்ணிப் பார்த்தார். கவிழ்த்த அன்று எடுத்தவை பதினான்கு, பின்னர் முளைத்தவை இரண்டு. நாளிதழில் இருந்தவை பதினைந்து. அணிலா காக்கையா என்ற விவாதம் முடிவுறவில்லை. பக்கத்துக் கறிவேப்பிலைத் தொட்டியில் மட்டும் ஒரு பச்சை ஊசி தெரிகிறது.