மூன்று வருஷத்துக்கு ஒரு நோட்டு

கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி போகும் பேருந்தில் ஜன்னலோர இருக்கைக்குத் துண்டு போட்டு இடம் பிடித்த காலம் ஒன்று உண்டு. அப்போது நடத்துனரின் விரலிடுக்கில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாய் மெல்லிய தாள் டிக்கெட்டுகள் விசிறி மாதிரி விரிந்து நிற்கும். சில்லறை இல்லையென்றால் பாக்கித் தொகையை டிக்கெட்டின் முதுகில் பென்சிலால் எழுதிக் கொடுப்பார். இறங்கும்வரை அதைக் கசங்காமல் வைத்திருப்பது பெரிய பொறுப்பு. இப்போது அவர் கையிலிருக்கும் கருவி ஒரு பொத்தானுக்கு ஒரு சீட்டைத் துப்புகிறது, கூட்டல் கழித்தலை அதுவே செய்துவிடுகிறது. நல்லதுதான். ஆனால் அந்தச் சீட்டின் எழுத்து இரண்டே நாளில் மங்கிப்போகிறது, யாருடைய கையெழுத்தும் அதில் இல்லை. பழைய டிக்கெட் ஒன்று என் வீட்டுப் புத்தகத்துக்குள் இன்னும் இருக்கிறது, பென்சில் எழுத்தோடு.

சென்ற மாதம் அந்த வழியில் போகும்போது என் பள்ளித் தோழன் பக்கத்தில் இருந்தான். வலங்கைமான் தாண்டியதும் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தான். அவன் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த பழைய புரோநோட்டுகள். ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் குறுக்காக ஓடும் அப்பாவின் கையெழுத்து, அதன்மேல் பேனாவால் அடித்த கோடு. முதல் நோட்டு 1985. பத்தாயிரம் ரூபாய், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. கடைசி நோட்டு 2000. அதில் அசல் 46,525 ரூபாய்.

“எனக்கு இது புரியவே இல்லடா,” என்றான். “ஒரு வட்டின்னா வருஷத்துக்கு நூத்துக்குப் பன்னெண்டு. பத்தாயிரத்துக்கு ஆயிரத்து இருநூறு. பதினஞ்சு வருஷத்துக்குப் பதினெட்டாயிரம். அசலோட சேத்தா இருபத்தெட்டாயிரம். நாப்பத்தாறாயிரம் எங்கேருந்து வந்துது? அப்பாவை ஏமாத்திட்டாங்களா?”

“நடுவுல எத்தனை நோட்டு இருக்கு?”

மடியில் பரப்பி எண்ணினான். மூன்று வருஷத்துக்கு ஒன்றாக 1988, 1991, 1994, 1997. ஒவ்வொரு நோட்டிலும் அசல் என்ற இடத்தில் ஒரு புதுத் தொகை: 13,600, பிறகு 18,496, பிறகு 25,154, பிறகு 34,210.

“பதில் இதுலயே இருக்கு. கணக்குல ஒரு ரூபாகூடத் தப்பு இல்ல.”

எங்கள் தலைமுறைக்கு வட்டிக் கணக்கு எட்டாம் வகுப்பில் வந்தது. அசலைக் காலத்தாலும் வட்டி வீதத்தாலும் பெருக்கி நூறால் வகுக்க வேண்டும்; அதை ராகம் போட்டு ஒப்பித்தோம். அடுத்த பாடம் கூட்டு வட்டி. இரண்டு ஆண்டுகளுக்குத் தனி வட்டிக்கும் கூட்டு வட்டிக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவு, அசல் எவ்வளவு என்று கேட்பார்கள். கேள்வித்தாளில் எப்போதும் இரண்டு ஆண்டு, மிஞ்சினால் மூன்று ஆண்டு. அதற்குமேல் கையால் பெருக்க நேரம் போதாது. அந்த இரண்டு ஆண்டில் வித்தியாசம் கொசுறு போலத்தான் இருக்கும். கூட்டு வட்டி என்றால் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் என்று மனத்தில் பதிந்துபோயிற்று. பதினைந்து ஆண்டு, முப்பது ஆண்டு என்று ஒரு கணக்கை எங்கள் கரும்பலகை பார்த்ததே இல்லை. வாழ்க்கையில் கடனும் சேமிப்பும் ஓடுவதோ அந்த நீளத்துக்குத்தான்.

“ஆனா இந்த நோட்டுல கூட்டு வட்டின்னு எங்கயும் எழுதலியே?” என்றான்.

எழுதியிருக்காது. புரோநோட்டில் கடன் கொடுத்தவர் மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் காலாவதிச் சட்டம் குறுக்கே நிற்கும். அதனால் மூன்றாவது வருஷம் முடிவதற்குள் கடன்காரரைக் கூப்பிட்டு, ‘பழசைக் கிழிச்சுப் புதுசு எழுதிக்கலாம்’ என்பார்கள். திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்து, மரியாதையாகத்தான் நடக்கும். அந்த நேரத்தில் கட்டாத வட்டி மூவாயிரத்து அறுநூறும் பத்தாயிரத்தோடு சேர்ந்து, புது நோட்டில் 13,600 அசலாக உட்காரும். எழுதியது தனி வட்டி. புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அது கூட்டு வட்டியாகிவிடுகிறது.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பேருந்து நின்றது. அங்கே நின்றால் சீக்கிரம் நகராது என்பது அந்தத் தடத்தில் போகிற எல்லோருக்கும் தெரியும். ஒரு காலத்தில் அந்த நேரத்தில் வேர்க்கடலைப் பொட்டலம் பிரித்தபடி ஊர்க்கதை முழுவதும் பேசிவிடுவோம். இப்போது வண்டி முழுக்கத் தலைகள் கைப்பேசிக்குக் குனிந்திருந்தன. எங்களுக்கு அந்த நிறுத்தம் வசதியாகப் போயிற்று. அவன் டிக்கெட்டை வாங்கி அதன் முதுகில் எழுதினேன்.

“மொத மூணு வருஷம் பாரு. தனி வட்டின்னாலும் 13,600, உங்கப்பா நோட்டுலயும் 13,600. வித்தியாசமே இல்ல. ஆறாவது வருஷம்?”

“தனி வட்டின்னா 17,200. நோட்டுல 18,496.”

“வித்தியாசம் 1,296. அது என்ன தெரியுமா? மொத நோட்டுல சேந்த மூவாயிரத்து அறுநூறு வட்டி, அதுவும் ஒரு சின்ன அசலா மாறி, அடுத்த மூணு வருஷத்துல சம்பாதிச்சது. இனிமே ஒவ்வொரு நோட்டுலயும் அதே 1,296 வரும். ரெண்டாவது நோட்டோட வட்டியும் அப்படியே, மூணாவதும் அப்படியே.”

எண்ணிப் பார்த்தோம். முதல் வட்டி அடுத்து வந்த நான்கு தவணைகளில் வேலை செய்தது, இரண்டாவது மூன்றில், மூன்றாவது இரண்டில், நான்காவது ஒன்றில். மொத்தம் பத்து முறை. பத்து 1,296 என்றால் 12,960. அதோடு நிற்கவில்லை. அந்த 1,296-கள் போட்ட குட்டி, அந்தக் குட்டிகள் போட்ட குட்டி என்று கணக்குப் பார்த்தால் இன்னும் 5,565 ரூபாய். ஆக, பத்தாயிரத்துக்கு நேராக வந்த வட்டி பதினெட்டாயிரம். வட்டிக்கு வந்த வட்டி 18,525.

அவன் வெகுநேரம் அந்த இரண்டு தொகைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். “பதினஞ்சாவது வருஷத்துல வட்டியோட வட்டி அசலோட வட்டியைத் தாண்டிடுச்சா?”

“ஆமா. இதே நோட்டு இன்னொரு பதினஞ்சு வருஷம் ஓடியிருந்தா தனி வட்டில 46,000தான். இப்படிப் புதுப்பிச்சுக்கிட்டே போனா ரெண்டு லட்சத்துப் பதினாறாயிரம்.”

தனி வட்டியில் வருஷா வருஷம் ஏறுவது ஒரே தொகை. பத்தாவது வருஷமும் 1,200, முப்பதாவது வருஷமும் 1,200. கூட்டு வட்டியில் ஏறும் தொகையே ஏறுகிறது. முதல் மூன்று வருஷத்தில் 3,600 கூடிய அந்தக் கடன், கடைசி மூன்று வருஷத்தில் 12,315 கூடியது. அப்பாவுக்கு வட்டி வீதம் ஒருபோதும் உயர்த்தப்படவில்லை. கடைசிவரை அதே ஒரு வட்டிதான்.

“அப்பா என்ன செஞ்சிருக்கணும்?”

வருஷா வருஷம் வட்டியைக் கட்டியிருந்தால் அசல் பத்தாயிரத்திலேயே நின்றிருக்கும். தண்ணீர் வராமல் குறுவை பொய்த்த வருஷங்களில் ஆயிரத்து இருநூறு எங்கிருந்து வரும், அதுவும் உண்மைதான். ஆனால் இன்னொரு வழியும் இருந்தது. கெடு முடிவதற்குள் நூறோ ஐம்பதோ கொடுத்து, நோட்டின் பின்பக்கத்தில் வரவு எழுதி, தேதியோடு கையெழுத்துப் போட்டால் அந்தத் தேதியிலிருந்து இன்னொரு மூன்று வருஷம் நோட்டுக்கு உயிர் உண்டு. கடன் கொடுத்தவருக்கு உரிமை போகாது, அசலும் ஏறாது. கொடுத்தவர் அதற்குச் சம்மதிக்க வேண்டும், அது வேறு. எங்கள் ஊரில் பின்பக்கம் வரவு நிறைந்த நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன். இவன் அப்பாவின் நோட்டுகளின் பின்பக்கம் வெறுமையாகவே இருந்தது.

இதே கணக்கு மனிதருக்குச் சாதகமாக ஓடியதையும் அந்த வருஷங்களிலேயே பார்த்தோம். 1988-இல் கிசான் விகாஸ் பத்திரம் வந்தபோது ஐந்தரை வருஷத்தில் பணம் இரட்டிப்பு என்றார்கள். அறுவடை முடிந்த கையோடு ஒரு பத்திரம் வாங்கி, அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டு மறந்துபோன அம்மாக்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். அந்த மறதிதான் அங்கே வேலை செய்தது. நடுவில் வட்டி கைக்கு வராது, வராததால் செலவாகாது, அது அசலோடு சேர்ந்துகொண்டே இருக்கும். 2023 ஏப்ரலில் இருந்து அதே பத்திரத்துக்கு 7.5 சதவீதம், இரட்டிக்க 115 மாதம், அதாவது ஒன்பது வருஷம் ஏழு மாதம். தனி வட்டியாக இருந்தால் பதிமூன்று வருஷம் நாலு மாதம் ஆகும்.

“எனக்கு மாச வருமானத் திட்டத்துல கொஞ்சம் பணம் இருக்கு. நாலஞ்சு மாசம் வட்டியை எடுக்காம விட்டா அதுவும் இப்படிக் கூடுமா?” என்று கேட்டான்.

“கூடாது. தபாலாபீசுல அந்த வட்டியை எடுக்காம விட்டா அது சும்மா கெடக்கும், அதுக்கு வட்டி கெடையாது. சேமிப்புக் கணக்குக்கு மாத்திவிட்டா அங்க அதுக்கான வட்டி வரும். வட்டி அசலோட சேரணும்டா. சேரலேன்னா எத்தனை வருஷம் போனாலும் தனி வட்டிதான்.”

கேட் திறந்தது. எதிரெதிராக இரண்டு பக்கமும் வண்டிகள் முண்டியடித்தன. தோழன் நோட்டுகளை உறைக்குள் வைத்துக்கொண்டே, ஏதோ நினைவுக்கு வந்தவன்போல, மகனின் நகைக்கடனைப் பற்றிச் சொன்னான். வருஷம் முடிந்ததும் மகன் கையிலிருந்து பைசா கட்டுவதில்லை. தங்கம் விலை ஏறியிருப்பதால் அதே நகைக்குக் கூடுதல் கடன் கிடைக்கிறது. அதிலேயே பழைய வட்டியைத் தீர்த்துவிட்டு மறு அடகு வைத்துவிடுகிறானாம். “ரொம்ப சௌகரியம்ப்பா, ஒரு மணி நேரத்துல முடிஞ்சுடுது” என்பானாம்.

திண்ணையும் மோரும் இல்லை, ஸ்டாம்பின் மேல் கையெழுத்தும் இல்லை. குளிர்சாதன அறையில் கணினியே எல்லாம் செய்துவிடுகிறது.

“புதுசா கையில எவ்வளவு வாங்கினான்?”

“ஒண்ணும் வாங்கலியே. திருப்பி வெச்சான், அவ்வளவுதான்.”

“அப்ப போன வருஷத்து ரசீதையும் இந்த வருஷத்து ரசீதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, கடன் தொகைங்கிற இடத்தை மட்டும் பாக்கச் சொல்லு. கையில பணம் வாங்காமலே அந்தத் தொகை ஏறியிருந்தா, ஏறினது வட்டி.”

அவன் பேருந்திலிருந்தே மகனைக் கைப்பேசியில் அழைத்தான். ரசீது பீரோவில் இருக்கிறது, வீட்டுக்குப் போய்த்தான் பார்க்க முடியும் என்றான் மகன். “பாக்கறதுக்கு முன்னாடி இந்த மாசச் சம்பளத்துலேருந்து வட்டியை மட்டும் தனியா எடுத்து வை,” என்றான் இவன்.