தெங்கேரா பட்டறைக் கேள்வி-பதில்: பாதி எடையில் அதே சுமை

பைப் அடுக்கும் ரேக்குக்கு 16 மி.மீ. பட்டை இரும்பில் கை வைத்திருக்கிறேன். நீளம் 300, அகலம் 80. நுனியில் 150 கிலோ வரை ஏறும். ஒரு கையே மூன்று கிலோ. 12 மி.மீ. பட்டைக்கு மாறினால் ஆபத்தா?
(தெங்கேரா)

ஆபத்துதான். கணக்கு மூன்றே வரி:

```
M = 1500 × 300    = 450000 N·mm
Z = 80 × 16² / 6  = 3413 mm³
M / Z             = 132 MPa
```

உங்கள் பட்டை எஸ்275 ரகம் என்றால் 275 மெகாபாஸ்கலில் அது திரும்பி வராமல் வளையத் தொடங்கும். 132 என்பது அதில் பாதிக்கும் குறைவு, ஆகவே இப்போது இரண்டு மடங்கு பாதுகாப்பு இருக்கிறது. 12 மி.மீ. போட்டால் தகைவு 234க்கு ஏறிவிடும். எடை கால்வாசி குறைகிறது, தகைவோ முக்கால் பங்குக்கு மேல் கூடுகிறது. தடிமன் இருமடிப் பெருக்கமாக வேலை செய்வதால் வரும் வினை இது. நுனி இறங்குவதில் தடிமனுக்கு மும்மடி வேலை. 2.4 மி.மீ. இறங்கிய கை 5.7 மி.மீ. இறங்கும், பைப் உருண்டு வரும். பட்டையை மட்டும் இழைத்து எடை குறைக்கும் வழி இங்கேயே அடைத்துக்கொண்டது.

அப்படியானால் அடியில் ரிப் வைக்கலாமா? பட்டையை எவ்வளவு மெலிதாக்கலாம்?
(அலோர் காஜா)

வைக்கலாம். பட்டை 6 மி.மீ. போதும். அதன் அடியில் நடுவாக 5 மி.மீ. தகட்டில் ஒரு ரிப்பை நிறுத்துங்கள், சுவரோரம் 50 மி.மீ. உயரம் வரும்படி. அந்த வெட்டுமுகத்தில் ரிப்பின் கீழ் விளிம்பில் தகைவு 107, பட்டையின் மேல் முகத்தில் வெறும் 31. சுவரோரத்தை மட்டும் பார்த்தால் 16 மி.மீ. பட்டையைவிட இது பத்திரம்.

ரிப் ஏன் அடியில்? சுமை கீழே அழுத்தும்போது மேல்புறம் இழுபடும், கீழ்ப்புறம் நசுங்கும். ரிப் மேலே இருந்தால் அதன் மெல்லிய விளிம்புதான் இழுவிசையை வாங்கும். சுமை ஏறி ஏறி இறங்கினால் வெடிப்பு அந்த விளிம்பிலோ, ரிப்பின் வெல்டிங் முடிகிற இடத்திலோ ஆரம்பிக்கும். அடியில் வைத்தால் இழுவிசையை அகலமான பட்டை பகிர்ந்துகொள்கிறது.

உங்கள் யோசனைப்படி முக்கோண ரிப் வரைந்தேன். சுவரோரம் 50, நுனியில் பூஜ்யம். கம்ப்யூட்டரில் ஓட்டினால் சிவப்பு நிறம் சுவரோரம் வரவில்லை, நுனிப் பக்கம் வருகிறது. மென்பொருள் தப்பா?
(டுரியான் துங்கல் மாணவர்)

மென்பொருள் சரி, தம்பி. முக்கோணம்தான் தப்பு. இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையது. படத்தை அலங்காரமாகப் பார்க்காமல், "ஏன் இங்கே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நுனியிலிருந்து 60 மி.மீ. உள்ளே வாருங்கள். உங்கள் முக்கோண ரிப்புக்கு அங்கே 10 மி.மீ. உயரம்தான். ரிப் இல்லாத வெறும் 6 மி.மீ. பட்டைக்கு Z 480. இந்தக் குட்டை ரிப்பை ஒட்டினால் கூட வேண்டும் அல்லவா? குறைகிறது: 388. இன்னும் நுனிப் பக்கம் போனால், 5 மி.மீ. உயரத்தில் 286தான். காரணம் இது. குட்டை ரிப் வெட்டுமுகத்தின் விறைப்பைக் கொஞ்சம் கூட்டுகிறது. ஆனால் கீழ் விளிம்பை நடு அச்சிலிருந்து அதைவிட வேகமாகத் தள்ளிவிடுகிறது. தள்ளிப் போன அந்த ஒல்லி விளிம்பு தன் சக்திக்கு மேல் நசுங்குகிறது. அந்த 60 மி.மீ. இடத்தில் தகைவு 232. இரண்டு மடங்கு பாதுகாப்புக்கான எல்லை 137. சுவரோரம் 107 என்று நாம் நிம்மதியாக இருக்க, யாரும் பார்க்காத இடத்தில் அந்தப் பாதுகாப்பு காணாமல் போய்விடும்.

மருந்து எளிது. நுனியிலேயே ரிப்பை 20 மி.மீ. உயரத்தில் தொடங்குங்கள், சுவரோரம் 50க்கு ஏற்றுங்கள். மறுபடி கணக்கிட்டால் நுனியிலிருந்து 60 மி.மீ.யில் 66, 120இல் 93, 180இல் 104, 240இல் 107, சுவரோரம் 107. கடைசி 120 மி.மீ. முழுவதும் ஏறக்குறைய ஒரே தகைவு. எந்தப் பகுதியும் சும்மா இருந்து சம்பளம் வாங்கவில்லை, எதுவும் அளவுக்கு மீறிச் சுமக்கவும் இல்லை. பட்டையும் ரிப்பும் சேர்ந்து 1.54 கிலோ. பழைய கை 3 கிலோ. நுனி இறங்குவது 2.4இலிருந்து 0.6 மி.மீ. ஆகிறது. பாதி எடையில் நான்கு மடங்கு விறைப்பு.

முக்கோணத்தைவிடக் கூடுதலாகப் போன இரும்பு எவ்வளவு தெரியுமா? சுமார் 120 கிராம்.

ரிப்பை 2 மி.மீ. தகட்டில் செய்து உயரத்தைக் கூட்டினால் இன்னும் மிச்சமாகுமே?
(ஜாசின்)

தகைவுப் படம் "ஆகட்டும்" என்று சொல்லும், நம்பாதீர்கள். நசுங்கும் விளிம்பு ஒல்லியாகவும் உயரமாகவும் இருந்தால், தகைவு எல்லையைத் தொடுவதற்கு முன்பே அது பக்கவாட்டில் அலையாக மடங்கிவிடும். வழக்கமான நேரியல் கணக்கு இந்த மடங்கலைக் காட்டவே காட்டாது. அதற்கென்று தனியாக மடங்கல் கணக்கு ஓட்ட வேண்டும். நாம் போட்ட ரிப்பில் உயரம் தடிமனைப்போல் பத்து மடங்கு. அங்கேயே நில்லுங்கள்.

உள்மூலையில் தகைவு 180 வந்தது. வலையைப் பொடியாக்கினேன், 260. இன்னும் பொடியாக்கினால் 400. எதை நம்புவது?
(பத்து பெரெண்டாம்)

மூன்றையும் நம்பாதீர்கள். கூரான உள்மூலைக்குக் கணிதத்தில் முடிவான தகைவே கிடையாது. வலையை எவ்வளவு பொடியாக்குகிறீர்களோ அவ்வளவு ஏறிக்கொண்டே போகும். இப்படி நிற்காமல் ஏறினால் மூலை கூராக இருக்கிறது என்பதுதான் அதன் அர்த்தம். அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து தகட்டைத் தடியாக்குவது வீண்.

மூலைக்கு ஃபில்லட் கொடுங்கள். அதாவது உள்மூலையை வளைவாக்குங்கள். வளைவின் நீளத்தில் குறைந்தது ஆறேழு வலைக்கண் விழும்படி செய்து, பிறகு வலையைப் பாதியாக்கிப் பாருங்கள். எண் ஐந்து சதவிகிதத்துக்குள் நின்றால் அதுதான் உண்மைத் தகைவு.

ஆரம் எவ்வளவு? 1913இல் சார்ல்ஸ் இங்லிஸ் கப்பல் தகடுகளின் விரிசலை ஆராய்ந்தபோது, கூர் நுனியில் தகைவு பெருகுவது ஆரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று காட்டினார். அதன் நடைமுறைப் பொருள் இது: 1 மி.மீ. ஆரத்தை 4 ஆக்கினால் பெரிய லாபம், 12ஐ 15 ஆக்கினால் ஒன்றும் தெரியாது, எடைதான் கூடும். சிறிய ஆரத்தில் தொடங்கி, எண் இறங்குவது மந்தமாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஆரக் கணக்கு வார்ப்பு, கடைசல், பிளாஸ்டிக், முப்பரிமாண அச்சு ஆகியவற்றுக்குத்தான். தெங்கேரா ரேக் வெல்டிங் செய்தது. அங்கே நீங்கள் கணினியில் வரைந்த அழகான வளைவு பட்டறையில் கிடைக்காது. வெல்டிங் முடிந்து தகடு தொடங்கும் கோட்டில்தான் வெடிப்பு வரும். ஏறி இறங்கும் சுமைக்கு உயர்ந்த ரக இரும்பு வாங்கினாலும் அந்தக் கோடு பலப்படாது. ரிப்பின் முனையை வெட்டென நிறுத்தாமல் சுற்றி வெல்டிங் பிடித்து, கிரைண்டரில் மழுக்குங்கள்.

பெரிய நிறுவனங்கள் உண்மையிலேயே இப்படிச் செய்கின்றனவா?
(மெர்லிமாவ்)

2013இல் ஜி.இ. நிறுவனம் கிராப்கேட் வழியாக ஒரு போட்டி வைத்தது. ஜெட் எஞ்சினைத் தூக்கிப் பிடிக்கும் டைட்டேனிய பிராக்கெட் ஒன்று 2,033 கிராம், அதை இளைக்க வைக்க வேண்டும். 56 நாடுகளிலிருந்து எழுநூறுக்கு அருகில் வடிவங்கள் வந்தன. வென்றவர் நமக்கு நீரிணைக்கு அப்பால் இருக்கும் இந்தோனேசியாவின் அரியே குர்னியாவான். அவருடைய பிராக்கெட் 327 கிராம்.

எனக்கு அந்த எண்ணைவிடப் போட்டியின் விதிதான் முக்கியம். ஒரே சுமைக்கு இளைத்தால் போதாது. நேர் மேலே 8,000 பவுண்டு, பக்கவாட்டில் 8,500, சாய்வாக 9,500, அதோடு ஒரு முறுக்கு. நான்கையும் தனித்தனியே தாங்க வேண்டும். தேர்வான பத்து வடிவங்களையும் அச்சிட்டு இயந்திரத்தில் இழுத்துச் சோதித்தார்கள்.

உங்கள் ரேக்குக்கும் இதுவே விதி. நேர் கீழ்ச் சுமையை மட்டும் போட்டு இளைத்த கை, ஒருவர் பைப்பைப் பக்கவாட்டில் இழுத்து உருவும்போது முறுக்கிக்கொள்ளும். ஒற்றை ரிப் முறுக்கைத் தாங்குவதில் பலவீனம். பக்கச் சுமை உண்டென்றால் அதையும் கணினியில் ஏற்றி ஓட்டுங்கள்.

கை இளைத்தால் சுவர் போல்ட்டையும் சின்னதாக்கலாமா?
(தெங்கேரா, அதே ரேக்காரர்)

கூடவே கூடாது, அண்ணே. கையின் எடை பாதியானாலும் நுனிச் சுமையின் திருப்புவிசை அப்படியே இருக்கிறது. சுவர்த்தகட்டின் கீழ் விளிம்புக்கும் மேல் போல்ட்டுக்கும் 150 மி.மீ. தூரம் என்றால், மேல் வரிசை போல்ட் 3,000 நியூட்டன், அதாவது சுமார் 300 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். நம் தெருவின் பழைய கடைவீடுகளில் சுவர் செங்கலும் சுண்ணாம்புக் காரையும். இரும்பு வளைவதற்கு முன்னால் ஆங்கர் பிடுங்கிக்கொண்டு வரும். மென்பொருளில் சுவர்த்தகட்டை "அசையாதது" என்று பூட்டிவிட்டு ஓட்டினால் இந்த ஆபத்து படத்தில் தெரியவே தெரியாது. அப்படிப்பட்ட சுவரில் ரேக்கைத் தரையிலிருந்து எழும் தூணில் பிடித்துவிடுங்கள்.

எப்போது போதும் என்று நிறுத்துவது?
(செலண்டார்)

அடுத்த மாற்றத்தில் மிச்சமாகும் எடை, அதை வெட்டி வெல்டிங் பிடிக்கும் கூலிக்கு ஈடாகாதபோது. நம் கையில் பட்டையை 5 மி.மீ. ஆக்கினால் இன்னும் 190 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம். ஆனால் மெல்லிய தகடு வெல்டிங் சூட்டில் வளையும், தட்டி நேராக்கும் நேரம் அதைத் தின்றுவிடும். 6இல் நிறுத்தியது அதனால்தான்.

செய்து முடித்ததும் ஒரு கையில் ஒன்றரை மடங்குச் சுமையை, 225 கிலோவை, மெதுவாக ஏற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். கீழே யாரும் நிற்க வேண்டாம். ஏற்றும் முன்னும் இறக்கிய பின்னும் நுனி உயரத்தை அளந்து பாருங்கள். பழைய இடத்துக்குத் திரும்பினால் "150 கிலோ" என்று பெயின்ட்டில் எழுதி மாட்டுங்கள். திரும்பாவிட்டால் அந்தக் கையை வெட்டிப் பழைய இரும்புக்குப் போடுங்கள்.