நாலு வரிச் செய்தி

எங்கள் ஊரில் பென்சன் எடுத்த எஞ்சினியர்மாரை நடையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ஆசிரியர் ஓய்வு பெற்றால் தரையைப் பார்த்து நடப்பார். கிராம சேவகர் நாலு பக்கமும் பார்த்து நடப்பார். எஞ்சினியர் கானைப் பார்த்து நடப்பார். மழைத் தண்ணி எந்தப் பக்கம் ஓடுகிறது, ஏன் ஓடவில்லை, யார் இந்த மட்டத்தை எடுத்தவன் என்று ஒவ்வொரு கானோரமும் நின்று தலையை ஆட்டிவிட்டுத்தான் புன்னைக்குடாக் கடற்கரைக்குப் போய்ச் சேருவார். சுபஹ் தொழுதுவிட்டு இறங்கியவர் வீடு திரும்பும்போது வெயில் சுடும்.

நான் சொல்லப்போகிறவர் அப்படியான ஒருவர். ஏறாவூரில் எங்களுக்கு நாலு வீடு தள்ளி. முப்பத்தைந்து வருசம் குளம், வாய்க்கால், துருசு என்று திரிந்தவர். 2022 தொடங்கும்போது 65 வயது வரை வேலை பார்க்கலாம் என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. சேர் அதை நம்பி இன்னும் நாலு வருசத்துக்குத் திட்டம் போட்டு வைத்திருந்தார். அந்த வருசம் முடியுமுன்னமே சட்டம் திரும்பி 60க்கு வந்தது. டிசம்பர் 31ஆம் தேதி, அறுபது தாண்டிய அரச ஊழியர்களோடு சேர்ந்து அவரும் கந்தோர் லாச்சியைக் காலி பண்ணிக்கொண்டு வந்தார். ஒரு மாதம் தென்னைக்குத் தண்ணி கட்டினார். இரண்டாம் மாதம் தென்னைக்குத் தண்ணி கட்டும் முறையை அடுத்த வீட்டாருக்குப் படிப்பித்தார். மூன்றாம் மாதம் அவருடைய மனைவி, "ஊட்டுக்குள்ள எஞ்சினியர் வேலை பார்க்காதீங்க, வெளியில எங்கயாவது பாருங்க" என்று சொல்லிவிட்டார்.

அன்று அஸருக்குப் பிறகு என்னிடம் வந்தார்.

"மாஸ்டர், ஒரு சின்ன உதவி. பழைய ஆக்களுக்கு ஒரு மெசேஜ் அனுப்பப் போறன். பகுதிநேரமா ஆலோசனை சொல்றது. நாலு வரிதான். தமிழைக் கொஞ்சம் பாருங்க."

கையில் பதினொரு தாள் இருந்தது.

முதல் தாளில் பிறந்த வருசம், இறைவனுக்கு நன்றி. இரண்டாம் தாளில் பாடசாலை. மூன்றாவதில், தான் முதன்முதலாக மட்டம் பார்க்கும் கருவியைத் தோளில் சுமந்த நாள். நாலாவதில் நீர்ப்பாசனத் திணைக்களம் 1900இல் தொடங்கிய வரலாறு. ஏழாவது தாளில் வரி. பொறியியலாளர் போன்ற தொழில்காரருக்கு மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் சேவைக் கட்டணம் கொடுத்தால், கொடுப்பவர் ஐந்து சதவீதம் பிடித்துக்கொள்ள வேண்டுமென்று 2023இல் வந்த விதியை அவர் துல்லியமாக எழுதியிருந்தார். வந்து சேராத லட்சத்துக்கு வரி எப்படிக் கட்டுவது என்ற கவலை அவர் முகத்தில் உண்மையாகவே தெரிந்தது. என்ன வேலை செய்வார், எத்தனை நாள் வருவார், என்ன கேட்பார் என்பது மட்டும் பதினொரு தாளிலும் இல்லை.

"சேர், கட்டணம்?"

"அது... அவங்களுக்கே தெரியும்தானே மாஸ்டர்."

இந்த இனத்து மனிதர்களின் பொது அடையாளமே இதுதான். கோடிக்கணக்கான ரூபாய் மதிப்பீட்டில் ஒரு சதம் பிசகாமல் கையெழுத்துப் போட்டவர்களுக்கு, தங்களுடைய ஒரு நாளுக்கு விலை சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

நான் தமிழைத் திருத்தினேன், நீளத்தைத் திருத்த அவர் விடவில்லை. பாஸ்போர்ட் அளவுப் படத்தை மேலே வைத்து, பிறந்த வருசத்தில் தொடங்கும் அந்தச் செய்தியைத் தன் போனிலிருந்த முன்னூற்றுச் சொச்சம் பேருக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பினார். முதல் பதில் பத்து நிமிடத்தில் வந்தது: "இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஜனாஸா எத்தனை மணிக்கு?" அனுப்பியவர் சேரோடு பதினைந்து வருசம் வேலை செய்தவர். அவரையும் குறை சொல்ல முடியாது. மேலே படம், கீழே பிறந்த வருசம், பிறகு சேவைகள் என்று வந்தால் எங்கள் ஊரில் வேறு எப்படி வாசிப்பார்கள்? அவருக்குப் பதில் எழுதி முடிப்பதற்குள் இன்னும் இரண்டு பேர் பாவமன்னிப்புக்குப் பிரார்த்தித்திருந்தார்கள். மற்றவர்கள் கட்டைவிரல் போட்டார்கள். கட்டைவிரலைச் சேர் எண்ணினார். நாற்பத்தியொன்று.

அடுத்த கிழமை போன் வரத் தொடங்கியது. "சேர், ஒரு சின்னக் கேள்வி" என்றுதான் எல்லா அழைப்பும் ஆரம்பித்தது. கிணற்றுக்கு இடம் எது, மலசலகூடக் குழி எவ்வளவு தள்ளி, மச்சான்ட வளவுக்குள்ள தண்ணி நிக்குது. சின்னக் கேள்விக்குப் பணமில்லை. பெரிய கேள்வி வேறு மாதிரி. செங்கலடிப் பக்கத்திலிருந்து ஒரு கொந்தராத்துக்காரர் வாகனத்தோடு வந்தார், பழமும் கொண்டுவந்தார். முக்கால் மணி நேரம் சேரின் அறிவைப் புகழ்ந்துவிட்டுக் கடைசியில், "பில் ஒண்டு கந்தோருல கிடக்கு. சேர் ஒரு வார்த்தை சொன்னா..." என்று இழுத்தார்.

சேர் பழப்பையை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

அன்றைக்கு அவருக்கு வந்தது கோபம் அல்ல. அவமானம். முப்பத்தைந்து வருசம் படித்தது மண்ணைப் பற்றி என்று நினைத்திருக்கிறார், ஆட்கள் அவரிடம் வாங்க வந்தது கந்தோர்க் கதவின் திறப்பை. "அப்ப எனக்குத் தெரிஞ்சது யாருக்கும் வேணாமா மாஸ்டர்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் ஒரு இளம் கொந்தராத்துக்காரர் வடிவில் வந்தது. மேற்கே ஒரு சின்னக் குளத்தில் வெள்ளம் உடைத்த கட்டை அடைக்கும் வேலை எடுத்திருந்தார். இருநூறு ஏக்கருக்குக் குறைவாகத் தண்ணி கொடுக்கும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருபவை. அதனால் சேரின் பழைய கந்தோருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வார்த்தை சொல்லவும் வழியில்லை. பையனின் முறைப்பாடு டிப்பர்காரரைப் பற்றி: "மண் குறைச்சுப் போடுறானுகள் சேர். கணக்குப்படி முப்பத்திரண்டு லோட் போதும். முப்பத்திரண்டும் முடிஞ்சுது, கட்டு இன்னும் ஏறல்ல."

சேர் கணக்குத் தாளை வாங்கினார். அன்றுதான் அவர் முகத்தில் மூன்று மாதத்துக்குப் பிறகு இரத்தம் ஓடியதைப் பார்த்தேன். உடைவு சராசரி பத்து மீட்டர் நீளம். கட்டின் உச்சி அகலம் மூன்று மீட்டர், உயரம் மூன்று மீட்டர், இரு பக்கமும் ஒன்றுக்கு இரண்டு சரிவு. அப்படியானால் அடியில் அகலம் பதினைந்து மீட்டர். வெட்டுமுகம் 27 சதுர மீட்டர், மொத்தம் 270 கன மீட்டர். மூன்று கியூப் டிப்பர் ஒன்றில் எட்டரைக் கன மீட்டர் மண் பிடிக்கும், வகுத்தால் முப்பத்திரண்டு லோட். பையனின் கூட்டல், பெருக்கல் எல்லாம் சரி.

"தம்பி, டிப்பர்ல வாறது உதிரி மண். கட்டுல இருக்க வேண்டியது இறுகின மண். உதிரியா ஒன்று தசம் மூன்று ஐந்து போட்டாத்தான் இறுகி ஒன்று நிற்கும். உங்களுக்கு நாப்பத்திமூணு லோட் வேணும். டிரைவர்ட பாவத்தைத் தேடாதீங்க."

அதோடு நிற்கவில்லை. அடுத்த நாள் தளத்துக்கே போனார். வேறு வேலையில்லாத மாஸ்டர் நானும் கூடப் போனேன். போய் இறங்கியதும் மண்ணைப் பார்க்கவில்லை, பழைய கட்டின் உடைந்த முகத்தைத்தான் பார்த்தார். செங்குத்தாக, வழுவழுப்பாக நின்றது, மேலே புல்வேர். அதை ஒட்டியே புது மண்ணைக் கொட்டியிருந்தார்கள். "பழைய கட்டைப் படிபடியா வெட்டுங்க. புல்லையும் வேரையும் சுரண்டி எடுங்க. புது மண் அந்தப் படியில ஏறி உட்காரணும். இப்படி ஒட்டி வச்சா, மாரியில தண்ணி இந்தப் பொருத்துக்குள்ளதான் வழி தேடும்." பிறகு ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்தார். உருண்டையாக நிற்காமல் உதிர்ந்தது. தண்ணி தெளித்து அரைமணி நேரம் விட்டு மறுபடி பிசைந்தார், உருண்டை நின்றது, கையில் ஒட்டவில்லை. அந்த ஈரத்தில்தான் உருளை ஓட வேண்டுமாம். பையன் இரண்டடி உயரத்துக்கு ஒரே தடவையில் கொட்டி மேலே உருளை விட்டிருந்தார். மேல் ஆறங்குலம் கல்லாக இருந்தது. அலவாங்கால் குத்தினால் அதற்குக் கீழே பொதுபொதுவென்று இறங்கியது. சேர் எதுவும் பேசாமல் அலவாங்கைப் பையன் கையில் கொடுத்து, "நீங்க குத்திப் பாருங்க" என்றார். இறுகினபின் ஆறங்குலம் வரும்படி படை படையாக, மூன்று மீட்டருக்கு இருபது படை என்று முடிவாயிற்று.

திரும்பும்போது பையன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி: முடித்த பிறகு சரியா பிழையா என்று எப்படித் தெரியும்? சேர் சொன்னார்: "குளம் நிறைஞ்ச பிறகு கட்டுக்குப் பின்னால, அடியில போய்ப் பாருங்க. கொஞ்சம் கசிவு இருக்கும், பயப்படாதீங்க. தெளிஞ்ச தண்ணியா வந்தா அது கசிவு. கலங்கின தண்ணியா வந்தா உங்கட கட்டு உள்ளுக்குள்ள கரைஞ்சு வருது. அண்டைக்கு இரவு நித்திரை கொள்ளாதீங்க, எனக்குப் போன் அடிங்க."

வாகனத்தால் இறங்கும்போது பையன் "எவ்வளவு சேர்?" என்றார். சேர் வானத்தைப் பார்த்தார். தென்னையைப் பார்த்தார். "பரவாயில்ல தம்பி" என்று வாய் திறக்குமுன் வீட்டு வாசலிலிருந்து மகள், "வாப்பாவுக்கு ஒரு நாளைக்குப் பதினைஞ்சாயிரம்" என்று சொன்னாள். வங்கியில் வேலை பார்க்கும் பிள்ளை. பையன் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். பதினொரு லோட் மண்ணின் கணக்கை ஒரு நாளில் தெரிந்துகொண்டவருக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. சேர்தான் அந்தக் காசை இரண்டு நாள் மேசையிலேயே வைத்திருந்தார்.

அன்றிரவே மகளும் நானும் பதினொரு தாளையும் உட்கார்ந்து வெட்டினோம். பாடசாலை போயிற்று. 1900 போயிற்று, சேர் சற்று முனகினார். வரி போயிற்று. மிஞ்சியது இவ்வளவுதான்:

"அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். சிறு குளங்களின் கட்டு, துருசு, வாய்க்கால் வேலைகளுக்கு அளவுக் கணக்குப் பார்த்துத் தருவேன். தளத்துக்கு வந்து மண் நிரப்பும் முறையைக் காட்டுவேன். திங்கள், புதன் மட்டும். ஒரு நாளைக்கு 15,000 ரூபாய், வாகனம் உங்களுடையது. கந்தோர்களில் யாருக்காகவும் பேச மாட்டேன்."

கடைசி வசனம் சேருடையது. அதை வெட்ட மகளுக்கும் மனம் வரவில்லை. முன்னூறு பேருக்கும் அனுப்பவில்லை, மண்ணோடு வேலை செய்யும் இருபத்தாறு பேருக்கு மட்டும். படம் வேண்டாமென்று எவ்வளவோ சொன்னோம், கேட்கவில்லை. பாஸ்போர்ட் படத்துக்குப் பதிலாகத் துருசுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தைப் போட்டார். ஒரு மாதத்தில் நாலு நாள் வேலை வந்தது. ஐந்தாவது அழைப்பு பழைய கந்தோரிலிருந்து. ஒரு வாய்க்காலின் பழைய வரைபடம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டார்கள். சேர் அலமாரி, தட்டு, கட்டு நிறம் எல்லாம் சொன்னார். அதற்குக் கட்டணம் கேட்கவில்லை, மகளிடமும் சொல்லவில்லை.

உங்கள் போனிலும் இப்படியொரு செய்தி கிடக்கக்கூடும். படத்தை மட்டும் பார்த்துவிட்டு இன்னாலில்லாஹி போட்டுவிடாதீர்கள். கீழே கட்டணம் எழுதியிருந்தால் ஆள் உயிரோடுதான் இருக்கிறார்.